‘அம்மு’ நின்றுபோனால் என்ன அர்த்தம்?

வாசகர் கடிதம்

எனக்கு 37 வயது, கணவருக்கு 42. ஈரோடு பக்கம் இருக்கிறோம். கல்யாணமாகி 14 வருடம், 12 வயதில் ஒரு மகள். முதல் மாதத்திலிருந்தே அவர் என்னை ‘அம்மு’ என்றுதான் கூப்பிடுவார். என் பெயரை அவர் வாயால் கேட்பது ஆஸ்பத்திரியிலும் பேங்க்கிலும்தான். போன ஆடியிலிருந்து ‘அம்மு’ நின்றுவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சில சமயம் ‘சொல்லுங்க’, ‘எடுத்து வைங்க’ என்று மரியாதை வேறு. சித்திரையில் கிளை மேலாளர் ஆனார். அதிலிருந்து வேலை அதிகம். மகளின் சீருக்கு வைகாசியில் வந்த மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். பேத்தியை ‘தங்கம், சாமி’ என்று கொஞ்சுவார், என்னிடமும் நல்லபடியாக இருக்கிறார்.

தீபாவளி முடிந்து ஒரு நாள் கணவர் திடீரென என்னைத் ‘தங்கம்’ என்றார். 14 வருடத்தில் சொல்லாத வார்த்தை. ‘இது யாரு சொல்லிக் கொடுத்தா?’ என்று கேட்டுவிட்டேன். அப்புறம் அதையும் சொல்வதில்லை. அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம் போனில் ‘சொல்லுடா’ என்றதையும் கேட்டேன். செல்லப் பெயரை விட்டால் வேறு பழக்கம் இருக்கிறது என்று அர்த்தம், புதிதாகக் கொஞ்சினால் குற்ற உணர்ச்சி, பேச்சை ரெக்கார்ட் பண்ணி வை என்கிறாள் என் தோழி. ஒரு ராத்திரி அவர் போனைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அழித்திருப்பாரோ என்று தோன்றுகிறது. நான் ஆரம்பத்தில் அவரை ‘மாமா’ என்பேன். குழந்தை பிறந்த பிறகு எல்லோரையும் போல ‘பாப்பா அப்பா’, ‘ஏனுங்க’ என்றாகிவிட்டது. இப்போது நேரடியாகக் கேட்பதா, வக்கீலைப் பார்ப்பதா, பேசாமல் இருப்பதா?

— பெயர் வேண்டாம்

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரி,

‘ஒரு பேருக்குப் போய் இவ்வளவா’ என்று யாராவது சொல்லியிருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். 14 வருடம் ஒரே சொல்லால் கூப்பிட்டவர் அதை நிறுத்தினால் காதுக்கு உறைக்கத்தான் செய்யும். ஏதோ மாறியிருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியதில் தவறில்லை. என்ன மாறியது என்று அந்தச் சொல் தானாகச் சொல்லிவிடும் என நம்பியதில்தான் சிக்கல்.

உங்கள் தோழியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். செல்லப் பெயரை நிறுத்தினால் வேறு பெண். புதிதாகக் கொஞ்சினால் குற்ற உணர்ச்சி, அதாவது வேறு பெண். பழையபடியே ‘அம்மு’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் ‘நல்லா நடிக்கிறார்’ என்றிருப்பார், அதுவும் வேறு பெண்தான். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரே பதில் வருகிற சோழியை உருட்டி என்ன பயன்? போனில் ஒன்றும் இல்லை என்றதும் ‘அழித்திருப்பாரோ’ என்று உங்களுக்குத் தோன்றியதும் இதே கணக்குதான். இருந்தால் சாட்சி, இல்லாவிட்டாலும் சாட்சி.

பேச்சையும் நடத்தையையும் வைத்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் எவ்வளவு தேறுகிறார்கள் என்று சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் பார்த்தார்கள். சராசரியாக 100-க்கு 54 தடவைதான் சரியாகச் சொல்கிறார்கள். காசைச் சுண்டிப் பார்த்தால் 50 வரும். தோழிக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறது, அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர் கையில் இருப்பதும் அந்தக் காசுதான்.

யார் காதில் விழுகிறது?

கூப்பிடும் சொல் மாறினால் நான் முதலில் கேட்கும் கேள்வி, அது எங்கெல்லாம் மாறியது என்பது. எல்லா இடத்திலும் மாறியதா, சில இடத்தில் மட்டுமா? உங்கள் கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை. ஆடியிலிருந்து நின்றது என்கிறீர்கள். தனியாக இருக்கும்போதும் நின்றதா? இரண்டு பேரும் வண்டியில் போகும்போது? வாட்ஸ்அப்பில் என்ன எழுதுகிறார்? உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது எப்படிக் கூப்பிட்டார்?

ஏன் கேட்கிறேன் என்றால், வைகாசியிலிருந்து உங்கள் வீட்டில் ஒரு காது கூடியிருக்கிறது. இன்னொரு காது வளர்ந்துவிட்டது. அம்மா ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது மனைவியை ‘அம்மு’ என்று கூப்பிட நம் ஊரில் நிறைய ஆண்களுக்கு நா எழாது. அதில் கூச்சம் பாதி, ‘பொண்டாட்டியைத்தான் கொஞ்சறான்’ என்று வந்துவிடுமோ என்ற பயம் பாதி. மகள் விஷயம் அதைவிட நுணுக்கமானது. மகளுக்குச் சீர் முடிந்த பிறகு தகப்பன்மார் ஓரடி தள்ளி நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மகளை மடியில் உட்கார வைப்பதை நிறுத்துகிறார்கள், வீட்டில் சட்டை போடாமல் உலாவுவதை நிறுத்துகிறார்கள், கூடவே மனைவியிடம் கொஞ்சிப் பேசுவதையும் அடக்கிக்கொள்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர்களாகவே அப்படி ஆகிவிடுகிறார்கள்.

ஹாலில் நின்ற ‘அம்மு’ மொட்டை மாடியில் உயிரோடு இருந்தால் உங்களுக்கு வேண்டிய விடை கிடைத்த மாதிரிதான். அங்கேயும் இல்லை என்றால் மேலே யோசிக்க வேண்டும்.

‘ங்க’ எல்லா ஊரிலும் ஒன்றல்ல

மதுரையிலோ திருநெல்வேலியிலோ, ‘நீ, வா, போ’ என்று பேசிக்கொண்டிருந்த கணவர் திடீரென ‘சொல்லுங்க’ என்றால் பெரும்பாலும் கோபம். மரியாதையை உயர்த்தி ஆளைத் தள்ளி வைப்பது. நம் எல்லோருக்கும் அது பழக்கம்தான்; ‘கண்ணு’ என்று கூப்பிடும் அம்மா முழுப் பெயரைச் சொல்லிவிட்டால் என்ன செய்தோம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவோம். ஆனால் நீங்கள் கொங்குப் பக்கம். அங்கே மூன்று வயதுக் குழந்தையையும் ‘வாங்க சாமி, சாப்பிடுங்க’ என்பார்கள். அந்த ‘ங்க’வில் தூரம் கிடையாது, கொஞ்சல்தான் இருக்கும். அதே ‘ங்க’ வெறும் மரியாதையாகவும் வரும், ‘சரிங்க மகாராணி’ என்று குத்தலாகவும் வரும். எழுத்தில் மூன்றும் ஒன்றுபோல இருக்கும், குரலில்தான் பிரியும். ‘எடுத்து வைங்க’ என்றபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

வேடிக்கை என்னவென்றால், மரியாதைப் பேச்சைப் பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உங்கள் பக்கத்துத் தமிழை வைத்தும் எழுதப்பட்டது. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978-இல் வெளியிட்ட அந்த ஆய்வுக்குக் கோவை மாவட்டக் கிராமப் பேச்சும் அடிப்படை. ஒரு பேச்சில் எவ்வளவு பணிவு சேர்க்கிறோம் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன என்றார்கள்: இருவருக்கும் இடையே உள்ள தூரம், யார் கை ஓங்கியிருக்கிறது என்பது, கேட்கப்போகும் காரியத்தின் கனம். மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம். தூரம் கொஞ்சமும் கூடாமலேயே, கேட்கும் காரியம் பெரிதானால் பேச்சில் மரியாதை ஏறிவிடும். ‘தண்ணி குடு’ என்று தினம் கேட்பவர், ‘கொஞ்சம் அந்த நகையை எடுத்து வைங்க, பேங்க்குக்குப் போகணும்’ என்பார். ஆகவே அவர் ‘ங்க’ போடும்போது அதற்குப் பின்னால் என்ன வந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். உத்தியோகமும் ஒரு காரணமாக இருக்கலாம். நாள் முழுக்க ‘சொல்லுங்க சார், சொல்லுங்க மேடம்’ என்று வாடிக்கையாளர்களிடம் பேசுகிற நாக்கு வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடாது. மேலாளர் ஆனது சித்திரையில், ‘அம்மு’ நின்றது ஆடியில் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அலுவலகப் பெண்ணிடம் சொன்ன ‘டா’வைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. இன்றைக்குப் பெண்களையும் ‘டா’ போட்டுப் பேசுவது சாதாரணம். தகப்பன் மகளிடம் சொல்கிறார், தோழிகள் தங்களுக்குள் சொல்கிறார்கள், மூத்த ஊழியர் இளையவரிடம் சொல்கிறார். அலுவலகத்தில் அப்படிப் பேசுவது அழகா என்பது வேறு கேள்வி. நெருக்கத்துக்குச் சாட்சியாக மட்டும் அதை எடுக்காதீர்கள்.

‘தங்கம்’ எங்கிருந்து வந்தது

சரி, உங்களை அதிகம் வதைக்கிற சொல்லுக்கு வருவோம். புதிய கொஞ்சல் சொல் ஒன்று வாயில் வந்தால், அது வெளியே எங்கோ புழங்கிய சொல் என்று மனம் ஓடும். ஆனால் உங்கள் கடிதத்திலேயே அந்தச் சொல் இன்னொரு இடத்தில் வருகிறது. உங்கள் மாமியார் ஆறு மாதமாகக் காலையும் மாலையும் பேத்தியைத் ‘தங்கம்’ என்கிறார். உங்கள் கணவரை வளர்த்ததும் அதே வாய்தான். சின்ன வயதில் அவரையும் அப்படியே கூப்பிட்டிருக்கலாம்.

கூட இருப்பவர்களின் சொல்லும் ராகமும் நம்மிடம் ஒட்டிக்கொள்ளும். ஊரிலிருந்து பத்து நாள் கழித்து வந்தால் பேச்சே மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே. ‘தங்கம்’ அப்படி ஒட்டியதாக இருக்கலாம். இதுவும் என் ஊகம்தான். ஆனால் இருக்கிற இரண்டு ஊகங்களில் ஒன்றுக்கு உங்கள் வீட்டு ஹாலிலேயே ஆதாரம் கேட்கிறது, இன்னொன்றுக்கு எங்கேயும் இல்லை.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. ‘அம்மு’வை விட்டது அவருக்கே உறுத்தியிருக்கலாம். விட்ட சொல்லைத் திரும்ப எடுப்பது எளிதில்லை. இத்தனை மாதம் கழித்து ‘அம்மு’ என்றால், ‘இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?’ என்று கேட்பீர்களோ என்ற தயக்கம் வரும். அதனால் பக்கத்துக் கதவைத் தட்டியிருக்கலாம்.

உங்கள் பக்கத்தில் நின்ற சொல்

இதைச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். கடிதத்தின் கடைசியில், நீங்கள் ‘மாமா’ என்று கூப்பிடுவதை 12 வருடத்துக்கு முன்னால் நிறுத்தியதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சாதாரணம், ‘எல்லோரையும் போல’. அவர் ‘அம்மு’வை நிறுத்தியது மட்டும் செய்தி. இரண்டும் ஒரே காரியம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் விட்டதற்கு நம் ஊரில் ஒரு வழக்கம் தயாராக இருந்தது. குழந்தை பிறந்ததும் பெண்டாட்டி ‘பாப்பா அம்மா’ ஆகிவிடுகிறாள், புருஷன் ‘பாப்பா அப்பா’ ஆகிவிடுகிறான், யாரும் கேள்வி கேட்பதில்லை. அவர் விட்டதற்கு அப்படி ஒரு வழக்கம் கை கொடுக்கவில்லை, அதனால் துருத்திக்கொண்டு தெரிகிறது.

நம் ஊருக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை இது. அமெரிக்கத் தம்பதிகள் தங்களுக்குள் மட்டும் புழங்கும் செல்லப் பெயர்கள், ரகசியச் சொற்கள் பற்றி கேரல் புரூஸ், ஜூடி பியர்சன் இருவரும் 1993-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தச் சொற்கள் அதிகம் இருந்தது கல்யாணமாகி ஐந்து வருடத்துக்குள், குழந்தை இல்லாமல் இருந்த தம்பதிகளிடம். இல்லறத்தில் நிறைவாக இருப்பதாகச் சொன்னவர்கள் அப்படிப்பட்ட சொற்களை அதிகம் வைத்திருந்ததையும் பார்த்தார்கள். ஆனால் நிறைவு இருப்பதால் சொல் வருகிறதா, சொல் இருப்பதால் நிறைவு வருகிறதா என்பதை அந்த மாதிரி ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது. உங்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள இருப்பது ஒன்றுதான்: குழந்தையும் வருடமும் கூடக்கூட இந்தச் சொற்கள் தேய்வது பரவலாக நடப்பது. உங்கள் வீட்டில் ‘அம்மு’ 14 வருடம் நின்று பிடித்தது.

பத்து நாள் நோட்டு

நேரடியாகக் கேட்பதற்கு முன்னால் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் ஒரு பக்கம் போதும். அவர் உங்களைக் கூப்பிட்ட நேரம், கூப்பிட்ட சொல், பக்கத்தில் யார் இருந்தார்கள், அடுத்து என்ன பேசினார். தினம் இரண்டு மூன்று குறிப்பு போதும். பத்து நாளுக்கு மேல் எழுத வேண்டாம். அதைத் தாண்டினால் அது வேவு பார்ப்பதாகிவிடும், உங்கள் தூக்கமும் போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் மனைவியைக் ‘குட்டி’ என்பார். அது நின்றுவிட்டது. அந்த அம்மாவும் உங்களைப் போலவே பயந்து வந்தார். நோட்டு எழுதச் சொன்னேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பக்கத்தில் ‘கூப்பிட்ட சொல்’ என்ற இடம் முக்கால்வாசி காலி. அவர் மனைவியைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. ‘இங்க பாரு’, ‘ம்’, ‘அது எங்க’ என்று எதிரில் இருப்பவருக்குப் பெயரே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். பணப் பேச்சு வந்த அன்றைக்கெல்லாம் அதுவும் குறைந்திருந்தது. வீட்டில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே நிலைதான்.

செல்லப் பெயர் போய்ப் பெயர் வருவது ஒன்று. எந்தப் பெயரும் இல்லாமல் போவது வேறு. ஒருவரைப் பார்த்து எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியாமல் போகிறவர் பெரும்பாலும் எதையோ மறைத்துக்கொண்டோ வெட்கப்பட்டுக்கொண்டோ இருக்கிறார் என்பது என் அனுபவம். இந்தக் கணவர் மனைவியின் 11 பவுனை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்து நண்பருக்குக் கொடுத்திருந்தார். நண்பர் திருப்பித் தரவில்லை, ஏழு மாத வட்டி ஏறியிருந்தது. ‘குட்டின்னு கூப்பிட வாயைத் திறந்தா பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு மேடம்’ என்றார். வேறு பெண் என்று அந்த அம்மா தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அடகுக் கடையில் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. நகையை மீட்க ஒன்றரை வருடம் ஆனது. ‘குட்டி’ திரும்பி வரவில்லை. இப்போது வீட்டு வரவு செலவு மனைவி கையில், அவரை ‘மேனேஜர்’ என்று கூப்பிடுகிறாராம். அந்த அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது.

உங்கள் நோட்டில் ‘மாமியார் இருந்தார்’ என்ற வரிகளில் பெயரும், மற்ற வரிகளில் வேறு ஏதாவதும் வந்தால் வீட்டுக் கூச்சம். எல்லா வரியிலும் ஒரே தட்டையான குரல், கூடவே தூக்கம் கெட்டது, சாப்பாடு குறைந்தது, மகளிடமும் ஒட்டாமல் இருக்கிறார் என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால், உங்கள் பெயரை விட்டுவிட்டு அவர் உடம்பையும் மனதையும் கவனியுங்கள். மனச்சோர்வில் இருப்பவர் எல்லோரிடமும் இப்படித்தான் பேச்சைச் சுருக்குவார். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உங்களிடம் மட்டும் சுருங்கி, மற்றவர்களிடம் பழைய கலகலப்போடு இருந்தால், உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று நோட்டு சொல்லாது, அவர்தான் சொல்ல வேண்டும்.

போனும் வக்கீலும்

போனைத் திறந்து பார்த்தது நடந்துவிட்டது, அதற்காக உங்களைத் திட்டப் போவதில்லை. இனி வேண்டாம். நீங்கள் தேடினால் கிடைப்பது இரண்டில் ஒன்று: ஒன்றும் இல்லாமல் சந்தேகம் பெருகும், அல்லது அரைகுறையாக ஏதாவது கண்ணில் பட்டு அதற்கு நீங்களே கதை எழுதுவீர்கள். ரெக்கார்ட் விஷயத்தில் தோழி எங்கோ படித்திருப்பார். கணவனோ மனைவியோ ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது உண்மைதான். நீதிமன்றத்துக்கு ஏற்கனவே போய்விட்டவர்களுக்கான கேள்வி அது. நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். தலையணைக்கு அடியில் ரெக்கார்டர் ஓடுவது ஒரு நாள் அவருக்குத் தெரிந்தால், ‘அம்மு’ என்ற சொல்லை நீங்களே மறந்துவிடலாம்.

தகாத உறவு 2018-இல் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, விவாகரத்துக்கான காரணமாக மட்டும் நீடிக்கிறது. அதற்கும் ஆதாரம் வேண்டும். செல்லப் பெயர் நின்றதை எந்த வக்கீலும் மனுவில் எழுத மாட்டார். ஆகவே இப்போதைக்கு வக்கீல் தேவையில்லை.

எப்போது தேவை என்றும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்காக இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறு ஒருவருக்காக. செல்லப் பெயர் போன இடத்தில் வசைப் பெயர் வந்தால் அது வேறு கதை. நிறத்தை, உடம்பை, பிறந்த வீட்டை, குழந்தை இல்லாததை வைத்துப் பட்டப்பெயர் சூட்டிக் கூப்பிடுவதும் அவமானப்படுத்துவதும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் சொல்லாலும் மனதாலும் செய்யும் கொடுமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ‘அடிக்கலையே, வெறும் பேச்சுதானே’ என்ற சமாதானத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 181 எண்ணில் உதவி கேட்கலாம், மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். திட்டிவிட்டு அடுத்த நாள் ‘செல்லம், தங்கம்’ என்று கரைவதும், மறுபடி திட்டுவதும் சுற்றிச் சுற்றி வந்தால், அந்தக் கொஞ்சலை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தில் இதில் எதுவும் இல்லை.

எப்படிக் கேட்பது

பேசாமல் இருப்பதையும் ஒரு வழியாகக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஏற்கனவே அவர் குரலை அளந்துகொண்டிருக்கிறீர்கள், இன்னும் ஆறு மாதம் போனால் அளப்பது மட்டும்தான் மிஞ்சும்.

வீட்டுக்குள் பேசாதீர்கள். இரவு படுக்கையில் வேண்டவே வேண்டாம். அங்கே கேட்டால் எந்தக் கேள்வியும் விசாரணை ஆகிவிடும். கோயிலுக்கோ சந்தைக்கோ இருவரும் போகும் நேரம் நல்லது. முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் நடந்தபடி பேசும்போது ஆண்களுக்கு வாய் சற்று எளிதாகத் திறக்கும். ‘ஏன் அம்முன்னு கூப்பிடறதில்லை?’ என்று தொடங்கினால் அவர் பதில் தேடுவார், காரணம் இல்லாவிட்டாலும் ஒன்றை உண்டாக்குவார். ‘நீங்க அம்முன்னு கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு, எனக்கு அது இல்லாம என்னவோ மாதிரி இருக்கு’ என்று உங்கள் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அப்புறம் வரும் மௌனத்தை நீங்களாக நிரப்ப வேண்டாம்.

‘அப்படியா? நான் கவனிக்கவே இல்லையே’ என்று அவர் சொன்னால் மழுப்பல் என்று முடிவு கட்டாதீர்கள். கூப்பிடுகிறவர் தான் சொல்கிற சொல்லைக் கவனிப்பது அபூர்வம், கூப்பிடப்படுகிறவர்தான் கவனிப்பார். 12 வருடமாக ‘மாமா’ வராததை நீங்கள் கவனித்தீர்களா? அவர் கவனித்திருக்கலாம். ‘அம்மா முன்னால என்னவோ மாதிரி இருக்கு’ என்றால் அதற்கு ஒரு வழி இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். உங்களை எரிச்சலோடு பார்த்தால், பேச்சை மாற்றினால், ‘உனக்கு வேற வேலையே இல்லையா’ என்று முடித்தால், அன்றைக்கு விட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாம் முறையும் கதவு மூடினால் இருவரும் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பார்ப்பதைச் சொல்லுங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போகலாம். ‘இனிமே அம்முன்னுதான் கூப்பிடணும்’ என்று மட்டும் கட்டளை போடாதீர்கள். போட்டால் கூப்பிடுவார், ஒரு வாரம், ரேஷன் கடையில் பெயர் படிக்கிற குரலில்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பாக்கி இருக்கிறது. தீபாவளி முடிந்து அவர் உங்களைத் ‘தங்கம்’ என்றார். ‘யாரு சொல்லிக் கொடுத்தா?’ என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தப் பேச்சு அங்கேயே நிற்கிறது. ‘அன்னிக்குத் தங்கம்னு கூப்பிட்டீங்க, நான் ஏதோ கேட்டு வெச்சுட்டேன்’ என்று நீங்களே அதை எடுக்கலாம். கூப்பிடும்போது ‘மாமா’ என்று வாயில் வந்தால் தடுக்காதீர்கள்.